14 நாள் மருந்து முடித்தும் வயிற்றுக் கிருமி போகவில்லை: அடுத்து எந்த மருந்து, போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

மலர்க்கொடி

வணக்கம். எனக்கு 43 வயது. எட்டு மாதம் முன்பு எண்டோஸ்கோபி செய்ததில் சிறுகுடல் தொடங்கும் இடத்தில் புண் இருந்தது. பயாப்சியில் ஹெச். பைலோரி கிருமி என்று வந்தது. கிளாரித்ரோமைசின் 500, அமாக்சிசிலின் 1 கிராம், பான்டோபிரசோல் 40, மூன்றும் காலையும் இரவும் 14 நாள். ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. முடிந்து 12-ஆம் நாள் மலப் பரிசோதனை செய்தார்கள், நெகட்டிவ். கிருமி போய்விட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பும் அதே எரிச்சல் திரும்பவும் வந்தது. வேறு டாக்டரிடம் போனேன். மூச்சுப் பரிசோதனை செய்தார், பாசிட்டிவ். இப்போது லெவோஃப்ளாக்சசின், அமாக்சிசிலின், பான்டோபிரசோல் மாதிரி ஓர் அமில மாத்திரை என்று 14 நாள் எழுதியிருக்கிறார். இன்னும் ஆரம்பிக்கவில்லை. போன கிருமி எப்படித் திரும்ப வந்தது? வீட்டுக்காரரிடமிருந்து ஒட்டியிருக்குமா? இந்த இரண்டாவது மருந்தாவது கேட்குமா?

சேகரன்

எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோருக்கும் இருக்கும், நீங்கள் மட்டும் மருந்து சாப்பிட்டால் திரும்ப ஒட்டத்தான் செய்யும். எல்லோரும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள், எளிதாக முடிந்துவிடும். முதல் மருந்து உங்களுக்கு ஒத்துக்கொண்டது என்றால் அதையே 21 நாள் எடுக்கச் சொல்லிக் கேளுங்களேன். நாள் போதாமல் போயிருக்கலாம்.

குறிஞ்சி

மலர்க்கொடி, நான் 17 வருடம் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் இருந்தவள், டாக்டர் இல்லை. பதில் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். அந்த மலப் பரிசோதனை செய்த நாட்களில் பான்டோபிரசோல் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? இரண்டாவது, கடந்த ஐந்தாறு வருடத்தில் வேறு எதற்காகவாவது என்னென்ன ஆன்டிபயாடிக் எடுத்தீர்கள்? சளி, இருமல், சிறுநீர்த் தொற்று, பல் வலி எதுவானாலும் சரி. பழைய சீட்டுகளைத் தேடிப் பாருங்கள். அந்த மருந்தை ஆரம்பிப்பதற்கு முன்பே எழுதுங்கள்.

மலர்க்கொடி

ஆமாம், புண் ஆற வேண்டும் என்று பான்டோபிரசோலை இரண்டு மாதம் தொடரச் சொன்னார்கள். பரிசோதனை அன்றும் சாப்பிட்டேன்.

சீட்டுகளைத் தேடினேன். நான்கு வருடத்தில் இருமலுக்கு மூன்று முறை அசித்ரோமைசின். சிறுநீர் எரிச்சலுக்கு இரண்டு முறை சிப்ரோஃப்ளாக்சசின், கடைசியாகப் போன வருடம். எப்போதோ ஒருமுறை வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல்.

குறிஞ்சி

சரி, படம் தெளிவாகிவிட்டது. உங்கள் கிருமி திரும்ப வரவில்லை. பெரும்பாலும் அது போகவே இல்லை.

மலப் பரிசோதனை தேடுவது கிருமியின் புரதத்தை. மருந்து முடிந்த 12-ஆம் நாளில் மிச்சமிருக்கும் கிருமிகள் மிகக் குறைவாக இருக்கும். அதோடு பான்டோபிரசோல் வேறு. அமிலம் குறைந்தால் இந்தக் கிருமியின் எண்ணிக்கையும் யூரியாவை உடைக்கும் அதன் யூரியேஸ் நொதியின் வேலையும் குறையும், வயிற்றின் கீழ்ப் பகுதியிலிருந்து மேல் பகுதிக்கு நகர்ந்தும் விடும். கிருமி உயிரோடு இருக்கும், பரிசோதனையின் கண்ணில் படாது. அதனால்தான் ஆன்டிபயாடிக்கும் கிருமியைக் கொல்லும் பிஸ்மத் உப்பும் நிறுத்திக் குறைந்தது நான்கு வாரம், அமில மாத்திரை நிறுத்திக் குறைந்தது இரண்டு வாரம் ஆன பிறகே பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டுமே நடக்கவில்லை. அந்த நெகட்டிவை நீங்கள் நம்பியிருக்கவே கூடாது, ஆனால் அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்குக் கோபம்.

சேகரன் ஐயா, பெரியவர்களுக்குப் புதிதாக ஒட்டுவது அபூர்வம், பெரும்பாலும் சின்ன வயதிலேயே வந்துவிடும். சிகிச்சை முடிந்த முதல் வருடத்துக்குள் மறுபடி பாசிட்டிவ் வந்தால் அது பெரும்பாலும் பழைய கிருமியேதான். ரத்தத்தில் பார்ப்பது ஆன்டிபாடி. கிருமி செத்த பிறகும் அது மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். சிகிச்சைக்குப் பிறகு அது எதையும் சொல்லாது.

சேகரன்

ரத்தப் பரிசோதனை விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி. ஆனால் நாள் போதவில்லை என்று நான் சொன்னதில் என்ன தப்பு? முன்பெல்லாம் 7 நாள்தானே கொடுத்தார்கள், பிறகு 14 ஆக்கினார்களே?

குறிஞ்சி

அது சரிதான் ஐயா, 7 நாளைவிட 14 நாள் நல்ல பலன் தருகிறது. ஆனால் அது மருந்துக்கு மசியும் கிருமிக்கு. கிளாரித்ரோமைசின் போய் ஒட்டிக்கொள்ளும் இடம் கிருமிக்குள் புரதம் செய்யும் ரைபோசோமில் இருக்கிறது. அங்கே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. அதன் பிறகு 21 நாள் கொடுத்தாலும் இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஒட்டாத மருந்து ஒட்டாததுதான்.

இங்கேதான் மலர்க்கொடியின் இருமல் வருகிறது. அசித்ரோமைசினும் அதே குடும்பம், ஒட்டும் இடமும் அதேதான். இருமலுக்கு மூன்று முறை எடுத்தபோது வயிற்றில் இருந்த கிருமியும் அதைச் சந்தித்தது. மசிந்தவை செத்தன, அந்த ஓர் எழுத்து மாறியவை பெருகின. முதல் சிகிச்சை தொடங்கும்போதே கிளாரித்ரோமைசின் வெறும் மாத்திரையாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மிச்சம் இருந்தது அமாக்சிசிலின் மட்டும், அந்த அளவில் அது தனியாகப் போதாது.

பாலா

எனக்கும் நெஞ்செரிச்சல், ஏப்பம் இரண்டு வருடமாக இருக்கிறது. ஈசோமெப்ரசோல் சாப்பிட்டால் நிற்கிறது, விட்டால் வருகிறது. அப்படியானால் எனக்கும் கிருமி மருந்துக்கு எதிர்ப்பு வந்துவிட்டதா? புரோபயாடிக் எடுத்தால் சரியாகும் என்று சொல்கிறார்கள்.

குறிஞ்சி

பாலா தம்பி, உங்களுக்குக் கிருமி இருக்கிறதா என்றே பார்க்கவில்லை. நீங்கள் சொல்வது அமிலம் மேலே ஏறும் தொல்லை போலத் தெரிகிறது, அதற்கும் இந்தக் கிருமிக்கும் நேரடித் தொடர்பு குறைவு. புரோபயாடிக் சிகிச்சை நேரத்து வயிற்றுப்போக்கைக் கொஞ்சம் குறைக்கும். தனியாக இந்தக் கிருமியை ஒழிக்காது.

அன்வர்

நான் மருந்தாளுநர். இரண்டாவது மருந்தாவது கேட்குமா என்று மலர்க்கொடி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். சிப்ரோஃப்ளாக்சசினும் லெவோஃப்ளாக்சசினும் ஒரே குடும்பம். இரண்டு முறை சிப்ரோ எடுத்தவருக்கு லெவோ எழுதினால் மறுபடியும் அதே கதை நடக்கலாம். எழுதியவருக்கு நீங்கள் சிப்ரோ எடுத்தது தெரியுமா?

மலர்க்கொடி

கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிறுநீர் எரிச்சலுக்கும் வயிற்றுக்கும் என்ன தொடர்பு என்று நினைத்துவிட்டேன்.

அன்வர்

அப்படியானால் அந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். தோற்றுப்போனவருக்கு வழக்கமாகப் பார்ப்பது பிஸ்மத் சேர்ந்த நான்கு மருந்து: பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை. உங்களுக்கு அது பொருந்துமா என்று அவரிடம் கேளுங்கள்.

மலர்க்கொடி

ஆனால் மெட்ரோனிடசோலும் நான் எடுத்திருக்கிறேனே? அதற்கும் எதிர்ப்பு வந்திருக்குமல்லவா?

குறிஞ்சி

நல்ல கேள்வி. வந்திருக்கலாம். ஆனால் எல்லா எதிர்ப்பும் ஒரே மாதிரி இல்லை. மெட்ரோனிடசோல் கிருமிக்குள் போன பிறகு, கிருமியின் சொந்த நொதிகள்தான் அதை விஷமாக மாற்றுகின்றன. எதிர்ப்பு வந்த கிருமியில் அந்த மாற்றும் வேலை குறைந்திருக்கும், பெரும்பாலும் அடியோடு நின்றிருக்காது. அதனால் அளவைக் கூட்டி, ஒரு நாளைக்கு 1500 முதல் 2000 மி.கி. வரை, 14 நாள், கூடவே பிஸ்மத் என்று கொடுக்கும்போது பெரும்பாலும் தாண்டிவிடலாம். கிளாரித்ரோமைசினில் இது நடக்காது, லெவோவிலும் அவ்வளவாக நடக்காது. டெட்ராசைக்ளினுக்கும் அமாக்சிசிலினுக்கும் எதிர்ப்பு அரிது. அதனால் அமாக்சிசிலினை ஒருமுறை எடுத்துத் தோற்றிருந்தாலும் மறுபடி பயன்படுத்தலாம். பிஸ்மத்துக்கு எதிர்ப்பே பெரிதாகப் பார்த்ததில்லை.

பிஸ்மத் புதுச் சரக்கும் இல்லை. இந்தக் கிருமியைக் கண்டறிந்த இருவரில் ஒருவரான பாரி மார்ஷல் 1988-இல் வெளியிட்ட ஆய்விலேயே பிஸ்மத்தோடு மெட்ரோனிடசோல் குடும்பத்து டினிடசோல் சேர்த்துத்தான் புண்ணுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு விழுங்க எளிதான மருந்துகள் வந்ததும் அது பின்னுக்குப் போனது. அவற்றுக்கு எதிர்ப்பு பெருகியதும் மறுபடி முன்னே வந்திருக்கிறது.

வேல்முருகன்

ஏன் ஊகத்திலேயே போக வேண்டும்? கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்த்துவிட்டுக் கொடுக்கலாமே. சிறுநீர்த் தொற்றுக்கு அப்படித்தானே செய்கிறார்கள்.

குறிஞ்சி

செய்யலாம், நான் செய்தும் இருக்கிறேன். ஆனால் இது சிறுநீர்க் கிருமி போல ஒரே நாளில் வளர்வதில்லை. ஆக்சிஜன் குறைந்த சூழல் வேண்டும், பயாப்சித் துண்டு ஆய்வகம் வந்து சேர்வதற்குள் பாதி செத்துவிடும், வளர்ந்து முடிவு வர ஒரு வாரம், பத்து நாளுக்கு மேலும் ஆகும். எண்டோஸ்கோபி மறுபடி செய்ய வேண்டும். பி.சி.ஆர். முறையில் கிளாரித்ரோமைசின் எதிர்ப்பை வேகமாகப் பார்க்கலாம். ஆனால் மலர்க்கொடிக்கு அந்த மருந்தை எப்படியும் கொடுக்கப்போவதில்லை, அதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்? மெட்ரோனிடசோலில் ஆய்வகம் எதிர்ப்பு என்று சொன்ன பலருக்கும் நான்கு மருந்து வேலை செய்கிறது. என் கருத்தில் முதல் தோல்விக்குப் பழைய மருந்துப் பட்டியலே போதும். இரண்டாவதும் தோற்றால் வளர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

வேல்முருகன்

நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு இரண்டு முறை தோற்ற பிறகுதான் வளர்த்துப் பார்த்தார்கள். முதல் தோல்வியிலேயே பார்த்திருந்தால் ஒரு முழு ஆன்டிபயாடிக் சுற்று மிச்சமாகியிருக்கும். புண் ஆறியதா என்று பார்க்க எப்படியும் எண்டோஸ்கோபி செய்பவர்கள் கூடவே இரண்டு துண்டு அதிகம் எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

குறிஞ்சி

எப்படியும் எண்டோஸ்கோபி செய்வதாக இருந்தால் நீங்கள் சொல்வது நியாயம்.

மலர்க்கொடி (ஒன்பது நாள் கழித்து)

பட்டியலோடு டாக்டரைப் பார்த்தேன். தாளைப் படித்ததும் லெவோவை அடித்துவிட்டார். இப்போது கொடுத்திருப்பது: பிஸ்மத் சப்சிட்ரேட் 120 நான்கு வேளை, டெட்ராசைக்ளின் 500 நான்கு வேளை, மெட்ரோனிடசோல் 500 மூன்று வேளை, ஈசோமெப்ரசோல் 40 இரண்டு வேளை. ஒரு நாளைக்கு 13 மாத்திரை. இன்று ஐந்தாம் நாள். வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஒரு ருசி, குமட்டல், நாக்கும் மலமும் கருப்பு. ரத்த சோகைக்கு இரும்பு மாத்திரையும் சாப்பிடுகிறேன். புண் இருந்தவள் என்பதால் கருப்பு மலம் பயமுறுத்துகிறது.

அன்வர்

முதலில் இரும்பு மாத்திரை. டெட்ராசைக்ளின் இரும்பு, சுண்ணாம்புச் சத்து, பால் ஆகியவற்றோடு சேர்ந்தால் பிணைந்து உடம்பில் ஏறாமல் போய்விடும். இந்த 14 நாளுக்கு இரும்பை நிறுத்திவைக்கலாமா என்று இன்றே டாக்டரிடம் கேளுங்கள். டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டதும் பாலோ தயிரோ வேண்டாம். நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், விழுங்கியதும் படுக்காதீர்கள். இரவு வேளையில் இதைப் பலர் தவறவிட்டு உணவுக்குழாயில் புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ஈசோமெப்ரசோல் மட்டும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு.

கருப்பு நிறம் பிஸ்மத்தால் வருவது, மருந்து நின்ற சில நாளில் போய்விடும். ஆனால் மலம் தார் மாதிரி பிசுபிசுவென்று, கெட்ட நாற்றத்தோடு, கூடவே தலைசுற்றலோ படபடப்போ இருந்தால் அது ரத்தக்கசிவு. அப்போது காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

சேகரன்

டெட்ராசைக்ளினுக்குப் பதில் டாக்சிசைக்ளின் இரண்டு வேளை போதும் என்று என் நண்பருக்குக் கொடுத்தார்கள். அதுவும் அதே குடும்பம்தானே, எளிதாக இருக்குமே?

அன்வர்

குடும்பம் ஒன்றுதான் ஐயா, ஆனால் இந்தக் கிருமியில் டாக்சிசைக்ளின் வைத்த கூட்டு டெட்ராசைக்ளின் அளவுக்குப் பலன் தரவில்லை. டெட்ராசைக்ளின் கிடைக்காத இடத்தில் அதைக் கொடுக்கிறார்கள். கையில் கிடைக்கும்போது மாற்ற வேண்டாம்.

மலர்க்கொடி (ஏழு வாரம் கழித்து)

14 நாளும் முடித்தேன். இரும்பை நிறுத்திவைத்தார்கள். பதினோராம் நாள் ஒரு வேளை வாந்தியோடு போனது, மற்றபடி எல்லாம் உள்ளே போயிற்று. முடிந்து ஆறு வாரம் ஆகிறது. கடைசி இரண்டு வாரம் டாக்டரைக் கேட்டுவிட்டு ஈசோமெப்ரசோல் நிறுத்தினேன். முதல் நான்கு நாள் நெருப்பாக எரிந்தது, கிருமி திரும்பிவிட்டது என்று அழுதே விட்டேன். நாளை மூச்சுப் பரிசோதனை. ஒரே ஒரு சந்தேகம். மூன்று வாரம் முன்பு கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து, பல் டாக்டர் அமாக்சிசிலின் ஐந்து நாள் கொடுத்தார். அது கணக்கில் வருமா?

குறிஞ்சி

வரும்! நாளை போகாதீர்கள். பல்லுக்கு எடுத்த அமாக்சிசிலின் வயிற்றுக் கிருமியையும் அடக்கி வைக்கும். நான்கு வாரக் கணக்கு அந்தக் கடைசி மாத்திரையிலிருந்து மறுபடி தொடங்குகிறது. நாளை நெகட்டிவ் வந்தாலும் முதல் முறை வந்த நெகட்டிவ் போலத்தான், நம்ப முடியாது. இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

எரிச்சல் கிருமியின் அடையாளம் இல்லை. அமில மாத்திரையை நீண்ட நாள் எடுத்துவிட்டு நிறுத்தினால் வயிறு கொஞ்ச நாள் வழக்கத்தைவிட அதிகமாக அமிலம் சுரக்கும். அதுவரை அமிலத்தை முறிக்கும் சாதாரண திரவ மருந்து எடுத்துக்கொள்ளலாம், பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் விட்டுவிடுங்கள். ஒரு எச்சரிக்கை, மற்றவர்களுக்காக: புண்ணில் ரத்தம் கசிந்தவர்களும், ஆஸ்பிரின் போன்ற மாத்திரை நிறுத்த முடியாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் அமில மாத்திரையை நிறுத்தவே கூடாது.

மலர்க்கொடி (பதினெட்டு நாள் கழித்து)

இன்றுதான் செய்தேன். வெறும் வயிற்றில் ஒரு பையில் ஊதினேன், பிறகு யூரியா கலந்த திரவம் கொடுத்தார்கள், அரை மணி நேரம் உட்காரவைத்து இன்னொரு பையில் ஊதச் சொன்னார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.7 என்று வந்திருக்கிறது. 4-க்கு மேல் இருந்தால்தான் பாசிட்டிவாம். சிகிச்சைக்கு முன் எனக்கு 23 இருந்தது. இந்த முறை நம்பலாமா?

குறிஞ்சி

நம்பலாம் மலர்க்கொடி. நாள் கணக்கு சரி, அமில மாத்திரை இல்லை, ஆன்டிபயாடிக் இல்லை, எண்ணும் எல்லைக்கு வெகு கீழே. கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் அந்த யூரியாவை உடைத்திருக்கும், அதில் அடையாளத்துக்காக வைத்திருந்த கார்பன்-13 மூச்சில் ஏறியிருக்கும். உங்கள் மூச்சில் ஏறவில்லை.

மலர்க்கொடி

ராத்திரி எரிச்சல் நின்றுவிட்டது. ஆனால் சாப்பிட்டதும் வயிறு கனமாகப் பிடித்துக்கொள்வது அப்படியே இருக்கிறது. கிருமி இல்லையென்றால் இது ஏன்?

குறிஞ்சி

புண்ணின் வலி கிருமியோடு போகும். சாப்பிட்டதும் வரும் கனம் பலருக்குக் கிருமி போன பிறகும் தொடர்கிறது. சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடத்தில் குறையும், சிலருக்குக் குறைவதில்லை. அதற்காக மறுபடி ஆன்டிபயாடிக் எடுக்காதீர்கள். எடை குறைந்தாலோ, விழுங்கச் சிரமமானாலோ, ரத்த சோகை இரும்பு எடுத்தும் ஏறாவிட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள்.

வேல்முருகன்

இந்த இழையைப் படித்துவிட்டு நானும் போன வாரம் மூச்சுப் பரிசோதனை செய்தேன். மூன்றாவது சிகிச்சை, ரிஃபாபுடின் வைத்துக் கொடுத்தது, முடிந்து ஏழு வாரம். அமில மாத்திரை 16 நாளாக இல்லை. எண் 4.6. டாக்டர் தோற்றுவிட்டது என்கிறார், ஆய்வகத்துக்காரர் எல்லையில் இருக்கிறது என்கிறார். யாரை நம்புவது?

குறிஞ்சி

வேல்முருகன், 4.6 ஒரு பாசிட்டிவ் இல்லை, ஒரு கேள்விக்குறி. எல்லையை ஒட்டிய எண்களில்தான் இந்தப் பரிசோதனை அதிகம் தவறும். வாயில் இருக்கும் வேறு சில பாக்டீரியாக்களுக்கும் யூரியேஸ் உண்டு, வயிற்றில் அமிலம் சுரப்பது வற்றிப்போனவர்களுக்கு வேறு கிருமிகளும் அங்கே குடியேறும். இந்த எண்ணை வைத்து நான்காவது சுற்று ஆன்டிபயாடிக் தொடங்கச் சம்மதிக்காதீர்கள். அமில மாத்திரையை எடுக்காமல் இருக்கும்போதே ஒரு மலப் பரிசோதனை கொடுங்கள், அது வேறு வழியில் தேடுவது. இரண்டும் ஒத்துப்போனால் முடிவு செய்யலாம். உங்கள் எண்டோஸ்கோபி அறிக்கையில், அமிலம் சுரக்கும் வயிற்றின் உட்சவ்வு மெலிந்திருப்பதாக எழுதியிருந்ததா?

வேல்முருகன்

எழுதியிருந்தது. மேல் பகுதியில் மெலிந்திருக்கிறது என்று. அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நினைக்கவில்லை. நாளைக் காலை மாதிரி கொடுத்துவிட்டு முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.